மேட்ச் ஜெயித்த ராத்திரியில் டிக்கெட் தேடாதீர்கள்

2023 மே 23, செவ்வாய்க்கிழமை இரவு. சேப்பாக்கத்தில் சென்னை அணி குஜராத்தை 15 ரன்னில் வென்று ஐபிஎல் இறுதிக்குப் போனது. இறுதி ஆட்டம் அகமதாபாத்தில், மே 28 ஞாயிறு. கடைசி விக்கெட் விழுந்த சில நிமிடங்களில் சென்னையில் பல பேர் போனில் ஒரே தேடலைத்தான் செய்திருப்பார்கள்: சென்னையிலிருந்து அகமதாபாத், சனிக்கிழமை அல்லது ஞாயிறு காலை. அந்த நேரத்தில் திரையில் தெரிந்த விலை, மூன்று நாள் முன்பு கிடைத்த விலைகளெல்லாம் விற்றுப்போன பிறகு மிஞ்சிய விலை.

பெரிய ஆட்டம், வணிகக் கண்காட்சி, தேர்வு முடிவு என எதுவாக இருந்தாலும் கட்டணம் எகிறுவதற்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. நிகழ்ச்சி நடக்கும் நாளில் விலை ஏறுவதில்லை. "போகிறோமா, இல்லையா" என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் பதில் கிடைக்கிற நாளில்தான் ஏறுகிறது. அதை முடிச்சு அவிழும் நாள் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சித் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பவர்கள் நிறைய. முடிச்சு அவிழும் நாளைக் குறித்து வைப்பவர்கள் குறைவு. குறைந்த விலையில் போய் வருபவர்கள் அவர்கள்தான்.

ஏன் அந்த நாளில் ஏறுகிறது என்பதற்கு விமான டிக்கெட் விற்கப்படும் விதம்தான் காரணம். ஒரு விமானத்தில் 180 இருக்கை இருந்தால் 180-க்கும் ஒரே விலை கிடையாது. இருக்கைகளைப் பல விலைப்படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படியில் சில இருக்கை, அதற்கு மேல் சில இருக்கை என்று போகும். ஒரு படி தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். சாதாரண நாளில் இந்தப் படிகள் வாரக்கணக்கில் மெல்லத் தீரும். முடிச்சு அவிழும் இரவில் நான்கைந்து படிகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். யாரோ உட்கார்ந்து விலையை ஏற்றியதாக நமக்குத் தோன்றும். பெரும்பகுதி நடப்பது கீழ்ப்படிகள் காலியாவதுதான். இதோடு, பெரிய நிகழ்ச்சி வருகிறது என்று தெரிந்தால் நிறுவனமே கீழ்ப்படிகளின் இருக்கை எண்ணிக்கையை முன்கூட்டிக் குறைத்துவிடும். முதல் வகை ஏற்றம் நமக்கு நேரம் தரும். இரண்டாவது தராது.

அந்த 2023 இறுதி ஆட்டத்துக்கே திரும்பி வருவோம். அதன் முடிச்சு ஒரே நாளில் அவிழவில்லை, மூன்று கட்டமாக அவிழ்ந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பிளேஆஃப் இடங்கள் அறிவிக்கப்பட்டன: முதல் தகுதி ஆட்டமும் எலிமினேட்டரும் சென்னையில், இரண்டாம் தகுதி ஆட்டமும் இறுதியும் அகமதாபாத்தில். அப்போது இடமும் தேதியும் தெரியும், அணி தெரியாது. அடுத்த கட்டம் மே 20. சென்னை அணி டெல்லியில் 77 ரன்னில் வென்று பிளேஆஃபுக்குள் போனது. அன்றிரவுக்குள் முதல் இரண்டு இடத்துக்குள் முடிப்பதும் உறுதியானது. முதல் இரண்டு இடம் என்றால் இறுதிக்குப் போக இரண்டு வாய்ப்பு: மே 23-இல் தோற்றாலும் மே 26-இல் இன்னொரு ஆட்டம், அதுவும் அகமதாபாத்தில். மூன்றாவது கட்டம்தான் மே 23 இரவு.

வாங்க வேண்டிய நேரம் மே 20 இரவுக்கும் மே 23 மாலைக்கும் இடைப்பட்ட மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஒரு ரசிகரிடம் கேட்டால் "முதலில் ஜெயிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். கூட்டம் காத்திருக்கும் நேரம் என்பதால்தான் கீழ்ப்படிகள் அப்போது மிச்சமிருக்கும். வாய்ப்பு நூற்றுக்கு நூறாக வேண்டியதில்லை. பாதிக்கு மேல் வந்துவிட்டதா, ரத்து செய்தால் இழப்பு எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

அந்த இழப்பைக் குறைக்க ரயில் நல்ல கருவி. சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் தினமும் காலையில் புறப்பட்டு மறுநாள் மாலை அகமதாபாத் சேரும். மே 26 வெள்ளிக்கிழமை ஏறினால் 27 மாலை ஊரில் இருக்கலாம், ஆட்டத்துக்கு ஒரு நாள் முன்பே. அப்போதைய விதிப்படி, உறுதியான மூன்றடுக்கு ஏசி டிக்கெட்டைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு 180 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் போகும். வெள்ளி காலை ரயிலுக்கு 48 மணி நேரம் முன்பு என்பது புதன் காலை. ஆட்ட முடிவு தெரிவது செவ்வாய் இரவு. ஆக, முடிவைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவதற்கு முன் ரத்து செய்ய நேரம் இருந்தது. இடங்கள் அறிவிக்கப்பட்ட நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டு ரயில் டிக்கெட்டை எடுத்து வைத்தவருக்கு, அணி தோற்றிருந்தாலும் நஷ்டம் ஒரு சாப்பாட்டுச் செலவு அளவுதான். ஒரு தடை உண்டு: மே கோடை விடுமுறைக் காலம், வடக்கே போகும் ரயில்கள் முன்பே நிரம்பியிருக்கும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பி இந்தக் கணக்கைப் போட முடியாது.

ரத்து விதிகள் அவ்வப்போது மாறும், பதியும் நாளில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக் காலமும் மாறிவிட்டது. 2023-இல் ரயில் டிக்கெட் 120 நாள் முன்பே திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். நிகழ்ச்சித் தேதி அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால், 60-ஆம் நாள் காலை 8 மணியைக் குறித்து வையுங்கள்.

விலை ஏறத் தொடங்கிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனை, ஒரே கிழமைகளை ஒப்பிடுவது. மே 27 சனிக்கிழமை விலை அதிகமா என்று பார்க்க, மே 24 புதனோடு ஒப்பிட்டால் தப்பான பதில் வரும். மே 20 சனி, ஜூன் 3 சனி இவற்றோடு ஒப்பிட வேண்டும். அடுத்து எதிர்த்திசையைப் பாருங்கள். ஆட்டமோ கண்காட்சியோ காரணமென்றால் ஏற்றம் ஒருபக்கமாகத்தான் இருக்கும்: 26, 27 தேதிகளில் சென்னையிலிருந்து அகமதாபாத் ஏறியிருக்கும், அதே நாளில் அகமதாபாத்திலிருந்து சென்னை வழக்கம்போல் இருக்கும். ஆட்டம் முடிந்த மறுநாள் இது தலைகீழாகும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறியிருந்தால் காரணம் வேறு. விடுமுறையாக இருக்கலாம், விமானங்கள் குறைந்ததாக இருக்கலாம்.

அந்த மே மாதத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருந்தது. கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் மே 3 முதல் பறப்பதை நிறுத்தியது. நாடு முழுவதும் இருக்கைகள் திடீரென்று குறைந்தன. அந்த மாதம் எந்த ஊருக்குத் தேடினாலும் விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததற்கு அதுவும் கோடை விடுமுறையும் காரணங்கள், கிரிக்கெட் அல்ல. இதைப் பிரித்தறிய, நிகழ்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஊரையும் கூடவே தேடிப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து புனே, சென்னையிலிருந்து கொல்கத்தா என்று அதே தேதிக்குப் போட்டுப் பாருங்கள். அங்கும் அதே அளவு ஏறியிருந்தால் அது பருவத்தின் ஏற்றம், காத்திருந்தாலும் குறையாது, நிகழ்ச்சியின் ஏற்றம் இனிமேல்தான் அதன் மேல் வந்து உட்காரும். அகமதாபாத் மட்டும் ஏறியிருந்தால் கீழ்ப்படிகள் தீர ஆரம்பித்துவிட்டன.

இரண்டாவது சோதனை, கீழ்ப்படியில் எத்தனை இருக்கை மிச்சம் என்று எண்ணுவது. நாங்கள் அதிகம் நம்புவது இதைத்தான், செய்வதும் எளிது. ஒரு பயணிக்குத் தேடுங்கள். பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள், ஒரு தேடலில் ஒன்பது பேர் வரை போடலாம். கூட்டமாகத் தேடும்போது, அத்தனை பேருக்கும் இடமிருக்கிற படியின் விலையைத்தான் பொதுவாகத் தளம் காட்டும். உதாரணத்துக்கு, ஒருவருக்கு 6,200 ரூபாய், இருவருக்கும் ஆளுக்கு 6,200, மூவர் என்று போட்டதும் ஆளுக்கு 7,400 என்று வந்தால், 6,200 ரூபாய்ப் படியில் இரண்டே இருக்கைதான் மிச்சம். இதைத் தினமும் ஒரே நேரத்தில் செய்து எழுதி வையுங்கள். திங்களன்று ஏழு, செவ்வாயன்று ஆறு, புதனன்று இரண்டு என்று வந்தால் விலை இன்னும் ஏறாமலே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. திரையில் தெரியும் விலையை மட்டும் பார்க்கிறவருக்கு மூன்று நாளும் அதே 6,200-தான் தெரிந்திருக்கும்.

இதிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. மூன்று பேர் குடும்பம் மேற்சொன்ன நிலையில் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மூவருக்கும் 7,400, மொத்தம் 22,200. இருவருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று என்று பிரித்தால் 12,400-உம் 7,400-உம், மொத்தம் 19,800. மிச்சம் 2,400 ரூபாய். ஆனால் விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ இரண்டு பிஎன்ஆரையும் தனித்தனியாகக் கையாள வேண்டியிருக்கும், ஒன்றை ஒரு விமானத்திலும் மற்றதை வேறொன்றிலும் போட்டுவிடக்கூடும். குழந்தையோடு போகும் குடும்பத்துக்கு இப்படிப் பிரிக்கச் சொல்ல மாட்டோம்.

மூன்றாவது அறிகுறி ஓட்டல். விமானக் கட்டணத்துக்கு முன்பே ஓட்டல் வாடகை ஏறும். இலவசமாக ரத்து செய்யும் வசதி இருப்பதால், உறுதியில்லாதவர்களும் முதலில் அறையைப் பிடித்து வைப்பார்கள். கூடுதல் விமானம் விடலாம், கூடுதல் ஓட்டல் ஒரு மாதத்தில் கட்ட முடியாது. 2023 உலகக் கோப்பை அட்டவணை ஜூன் 27-இல் வந்தது. இந்தியா பாகிஸ்தான் ஆட்டம் அகமதாபாத்தில் அக்டோபர் 15, இடையே 110 நாள். அட்டவணை வந்தவுடன் அந்தத் தேதியில் அகமதாபாத் அறை வாடகைகள் பல மடங்கு போனதாகச் செய்திகள் வந்தன. ஒரு மைதானத்தில் ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேர் உட்காரலாம் என்றால் அந்த ஊரின் அறைகளுக்கு என்ன ஆகும் என்று யூகிப்பது கடினமல்ல. ஆகவே ஒரு தேதியில் மட்டும் ஓட்டல் வாடகை தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால், விமானக் கட்டணம் இன்னும் அமைதியாக இருந்தாலும் அது நீண்ட நாள் அப்படி இருக்காது.

அந்த ஆட்டம் இன்னொன்றையும் காட்டியது. அக்டோபர் 15 நவராத்திரியின் முதல் நாள், குஜராத்தில் கர்பா தொடங்கும் இரவு. ஆகஸ்ட் 9 வெளியான திருத்தத்தில் ஆட்டம் 14-ஆம் தேதிக்கு மாறியது. ஜூன் மாதமே முந்திக்கொண்டு, பணம் திரும்பக் கிடைக்காத மலிவு டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தேதி ஒரு நாள் பொருந்தாமல் போனது. 2025 ஐபிஎல்-லும் அப்படித்தான். மே 25 கொல்கத்தாவில் என்றிருந்த இறுதி ஆட்டம், இடையில் தொடர் நிறுத்தப்பட்டதால் ஜூன் 3-க்குத் தள்ளிப்போனது, இடமும் மே 20-இல் அகமதாபாத் என்று மாறியது. சில அட்டவணைகளில் மாற்றம் முன்பே எழுதப்பட்டிருக்கும். 2026 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தான் இறுதிக்கு வந்தால் ஆட்டம் கொழும்பில், இல்லையென்றால் அகமதாபாத்தில் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. முந்திக்கொள்வது என்றால் அட்டவணை வந்த அன்று இலவச ரத்து உள்ள அறையைப் பிடிப்பது. விமான டிக்கெட்டை, உள்ளூர்ப் பண்டிகையோடு தேதி மோதுகிறதா என்று பார்த்தபின் எடுப்பது.

போவதைப் பற்றியே எல்லோரும் யோசிப்பார்கள், திரும்புவதில்தான் பணம் அதிகம் போகும். 2023 மே 28 இரவு அகமதாபாத்தில் கனமழை, டாஸ்கூடப் போடவில்லை. ஆட்டம் மாற்றுநாளான திங்கள் 29-க்குத் தள்ளிப்போனது. அன்றும் சென்னை பேட்டிங் தொடங்கியதும் மழை வந்து, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த பவுண்டரியில் முடியும்போது செவ்வாய் அதிகாலை ஒன்றரை மணி தாண்டியிருந்தது. திங்கள் காலை திரும்பும் டிக்கெட்டோடு வந்தவர்கள் ஆட்டத்தை விட வேண்டும் அல்லது டிக்கெட்டை விட வேண்டும். அறை இல்லாமல் ரயில் நிலையத்தில் படுத்துத் தூங்கிய சென்னை ரசிகர்களின் படங்கள் அந்த இரவில் பரவின. செவ்வாய்க்கிழமை திரும்பும் இருக்கைகளை அத்தனை பேரும் ஒரே இரவில் தேடினார்கள்.

தேதி மாற்றக் கட்டணம் இல்லை என்று சொல்லும் டிக்கெட்டை வைத்திருந்தவர்களும் இங்கே ஏமாந்துபோவது வழக்கம். மாற்றக் கட்டணம் சுழியம் என்றாலும், பழைய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டியாக வேண்டும். கட்டணம் உச்சத்தில் இருக்கும் நாளில் அந்த வித்தியாசம்தான் பெரிய தொகை. ஆகவே இறுதி ஆட்டத்துக்கு மாற்றுநாள் உண்டா என்பதைப் போட்டி விதிகளில் பார்த்துவிட்டு, இருந்தால் திரும்பும் டிக்கெட்டை மாற்றுநாளுக்கு அடுத்த நாளில் எடுப்பதே நல்லது. அந்த ஆண்டுக் கணக்கில் அது மே 30 மதியம். ஆட்டம் 28-லேயே முடிந்திருந்தால் ஒரு நாள் கூடுதல் அறை வாடகை, அவ்வளவுதான்.

நேரடி விமானம் கைமீறிப் போனபின் தேடுபவர்களுக்குப் பக்கத்து ஊர் உதவும். வதோதரா அகமதாபாத்திலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மும்பைக்கு சென்னையிலிருந்து விமானங்கள் நிறைய, அங்கே ஓர் ஆட்டத்தின் கூட்டம் கரைந்துவிடும். மும்பையிலிருந்து இரவு ரயில் பிடித்தால் விடியற்காலை அகமதாபாத். ஆனால் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விமானம் தாமதமானதற்கு ரயில் காத்திருக்காது. நடுவில் குறைந்தது நான்கைந்து மணி நேரம் விடுங்கள்.

கண்காட்சிகளில் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கேன்டன் ஃபேரை எடுத்துக்கொள்வோம், திருப்பூர், கோவை, சென்னை வியாபாரிகள் பலர் போய் வருவது. ஆண்டுக்கு இரண்டு முறை, தேதிகள் ஏறக்குறைய நிலையானவை. இலையுதிர் பருவத்தில் மூன்று கட்டம்: அக்டோபர் 15 முதல் 19 வரை மின்னணு, இயந்திரங்கள், 23 முதல் 27 வரை வீட்டுப் பொருள், பரிசுப் பொருள், அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை ஜவுளி, ஆடை, பொம்மை. தேதி ஓராண்டுக்கு முன்பே தெரியும்போது கட்டணம் ஏன் கடைசி மூன்று வாரத்தில் எகிறுகிறது? விசா. அழைப்புக் கடிதம், விண்ணப்பம் எல்லாம் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகுதான் பெரும்பாலானோர் டிக்கெட் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் பாஸ்போர்ட் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வருகிறது. முடிச்சு அவிழ்வது அந்த வாரம்.

அதனால் இங்கே முந்த வேண்டியது டிக்கெட்டில் அல்ல, விசா வேலையில். செப்டம்பர் தொடக்கத்தில் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் எந்தச் சோதனையும் தேவைப்படாது. அது முடியாதவர்கள் நாளைச் சற்று நகர்த்தலாம். முதல் கட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 14-ஆம் தேதி வந்திறங்கி 19 இரவோ 20-ஆம் தேதியோ திரும்புவார்கள், ஏற்றம் அந்த இரண்டு முனையிலும் குவியும். 16-ஆம் தேதி இறங்கி 18 இரவு கிளம்பினால் மூன்று முழு நாள் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் பார்க்க வேண்டிய கடைகளின் பட்டியலை முன்பே எழுதி வைத்திருப்பவருக்கு இரண்டரை நாள் போதும். குவாங்சோ கட்டணம் ஏறியிருந்தால் ஹாங்காங்கைப் பாருங்கள், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்கில் நுழைய வருகைக்கு முந்தைய பதிவு தேவை, அதை ஆன்லைனில் முன்பே செய்து வைக்க வேண்டும். அறைக்கு, மெட்ரோவில் இணைந்திருக்கும் ஃபோஷான் நகரைப் பார்க்கலாம். வசந்த பருவத்தின் மூன்றாம் கட்டம் மே 1 முதல் 5 வரை வரும், சீனாவின் மே தின விடுமுறையும் அப்போதுதான். அங்கே உள்நாட்டு ரயில் டிக்கெட் பயணத்துக்கு 15 நாள் முன்புதான் விற்பனைக்கு வரும், அந்த நாளைத் தவறவிட்டால் ரயில் வழியும் அடைபடும். இலையுதிர் பருவத்தில் தீபாவளியையும் கூடவே பாருங்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, முதல் கட்டம் முடிந்த மறுநாள். கண்காட்சி முடிந்து திரும்புபவர்களும் பண்டிகைக்கு ஊர் வருபவர்களும் ஒரே இருக்கைக்கு நின்ற வாரம் அது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. மூன்றாம் கட்டத்துக்குப் போகும் திருப்பூர்க்காரர்கள் நவம்பர் 5, 6 தேதிகளின் திரும்பும் டிக்கெட்டை இப்போதே யோசிக்கலாம்.

தேர்வு முடிவுகளில்தான் ஆட்கள் தப்பான நாளைக் குறி வைக்கிறார்கள். முடிவு வெளியாகும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது: 2024 நீட் முடிவு ஜூன் 14 என்றிருந்தது, ஜூன் 4-இல் வந்துவிட்டது. ஆனால் முடிவு வந்த அன்று பெரும்பாலும் யாரும் எங்கும் கிளம்புவதில்லை. கிளம்புவது யாருக்கு எந்தக் கல்லூரி என்ற ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த பிறகு. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஒரு சுற்று முடிந்ததும் சில நாள் அவகாசத்துக்குள் கல்லூரியில் நேரில் போய்ச் சேர வேண்டும். மதுரை மாணவிக்கு அசாமில் இடம் கிடைக்கலாம், கூடவே பெற்றோர் ஒருவரோ இருவரோ. அந்தச் சில நாளுக்குள் அத்தனை பேரும் பயணிக்க வேண்டியிருப்பதுதான் விலையை ஏற்றுகிறது. தமிழ்நாட்டு பொறியியல் கலந்தாய்வும் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. கலந்தாய்வுக்காகக் குடும்பம் குடும்பமாக அண்ணா பல்கலைக்கழகம் வந்த காலத்துப் பேருந்து நெரிசலை மனதில் வைத்து இன்று திட்டமிட்டால் கணக்கு தவறும். இப்போது நெரிசல் கல்லூரியில் சேரும் நாட்களிலும், வகுப்பு தொடங்கும் வார இறுதியிலும்தான்.

எனவே கவனிக்க வேண்டியது கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டும் நாள். அன்று உங்கள் மதிப்பெண்ணுக்கு எட்டக்கூடிய இரண்டு மூன்று ஊர்கள் கையில் இருக்கும். ஒதுக்கீடு வருவதற்கு முன் அந்த ஊர்களுக்குச் சேரும் நாட்களில் ரயிலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதியான இடம் கிடைத்தால் முதல் இரண்டு ஊர்களுக்கு எடுத்து வைத்து, ஒதுக்கீடு வந்ததும் ஒன்றை ரத்து செய்யுங்கள். சேரும் அவகாசத்தின் கடைசி நாளில் போய் இறங்குவதுபோல் எடுக்காதீர்கள். ரயில் தாமதமானால் இடமே போய்விடும். தட்கல் கடைசிக் கைத்துணை: முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஏசி அல்லாதது. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு வேண்டும். அதை முடிவு வருவதற்கு முன்பே செய்து வையுங்கள், பட்டியல் வந்த இரவில் ஓடிபி வரவில்லை என்று போராடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அடுத்த சுற்றில் இடம் மேம்பட்டால் இன்னொரு முறை இன்னொரு ஊருக்குப் போக வேண்டிவரும் என்பதால், முதல் சுற்றில் திரும்பும் டிக்கெட்டை மாணவருக்கும் சேர்த்து எடுப்பதா என்று குடும்பத்தில் முன்பே பேசி முடிவெடுங்கள்.

மாநிலத்துக்குள் போகிறவர்களுக்கு ஒன்று. ஆம்னி பேருந்துக் கட்டணம் வார இறுதிக்கு ஏற்ப ஏறும், அரசு விரைவுப் பேருந்தின் கட்டணம் அப்படி ஏறாது, இருக்கைதான் தீரும். ஆகவே அங்கே விலையைப் பார்த்துப் பயனில்லை. கல்லூரி திறக்கும் தேதி தெரிந்த அன்றே, அதற்கு முந்தைய ஞாயிறு இரவுப் பேருந்துகளில் எத்தனை இருக்கை காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள், அல்லது சனிக்கிழமை பகல் பேருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.